பிரிவு மாற்றக் கடிதத்தில் எழுத வேண்டியது என்ன?

தனியார் பள்ளிகள் சிலவற்றில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் இரண்டு வேளையாக நடக்கின்றன. ஏ பிரிவுக்குக் காலை 8.45 முதல் 12 மணி வரை, சி பிரிவுக்கு மதியம் 12.30 முதல் 3.45 வரை என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு எந்தப் பிரிவு என்பதை ஜூன் மாதத்தில் பள்ளி அலுவலகமே போட்டுவிடும். ஏ பிரிவில் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுப் பையனுக்குத் திங்கள், புதன், வெள்ளிக் கிழமைகளில் காலை 10 மணிக்குப் பேச்சுப் பயிற்சி இருந்தால் அம்மா என்ன செய்வார்? பாதி வகுப்பில் பிள்ளையை அழைத்துப் போவார். சில வாரங்களில் பயிற்சியைத்தான் தவிர்ப்பார். இரண்டுமே பிள்ளைக்கு நஷ்டம்.

இந்த நிலையில் பள்ளிக்குப் போகும் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: ‘என் மகனுக்கு உடல்நிலை காரணமாக சி பிரிவுக்கு மாற்றம் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.’ இதை வைத்து முதல்வரால் எதையும் முடிவு செய்ய முடியாது. டீச்சர் பிடிக்கவில்லை என்று கேட்பவர்களும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்த்துவிடச் சொல்பவர்களும் இதே வரியைத்தான் எழுதுகிறார்கள். சிலர் இதற்கு நேர்மாறாக, மருத்துவமனையின் முழு மதிப்பீட்டு அறிக்கையையும் இணைத்துவிடுகிறார்கள். அது அலுவலக மேஜையில் எத்தனை பேர் கைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்குத் தேவை நோயின் வரலாறு அல்ல, நேரக் கணக்கு.

அந்தக் கணக்கை இப்படி எழுதலாம்:

‘என் மகன் யு.கே.ஜி. ஏ பிரிவில் படிக்கிறான். திங்கள், புதன், வெள்ளியில் காலை 10 முதல் 10.45 வரை அவனுக்குப் பேச்சுப் பயிற்சி. போய்வர ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் ஆவதால் 9.30க்குக் கிளம்பி 11.15க்குத்தான் திரும்ப முடிகிறது. அந்த மூன்று நாளும் தமிழ் வாசிப்பு வகுப்பு 10 மணிக்குத்தான் நடக்கிறது. இதுவரை ஒன்றில்கூட அவனால் உட்கார முடியவில்லை. சி பிரிவுக்கு மாற்றினால் பயிற்சி, பள்ளி இரண்டும் தடையின்றி நடக்கும். மார்ச் மாதம் வரை பயிற்சி தொடரும் எனத் தெரபிஸ்ட் எழுதிய கடிதத்தை இணைத்துள்ளேன்.’

இந்தக் கடிதத்தின் உயிர் தமிழ் வாசிப்பு பற்றிய வரியில் இருக்கிறது. வாரத்துக்கு ஐந்தேகால் மணி நேரம் போகிறது என்பதைவிட, பேசவே சிரமப்படும் பிள்ளைக்கு வாசிப்பு வகுப்புதான் ஒவ்வொரு முறையும் பறிபோகிறது என்பது பெரிய சேதி. பயிற்சி நேரம் மாறாதிருந்தால் அடிபடும் பாடமும் மாறாது. கடிதம் எழுதுமுன் வகுப்பின் கால அட்டவணையை வாங்கிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

‘பயிற்சியைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளக் கூடாதா?’ என்று முதல்வர் கேட்பது நிச்சயம். அது நியாயமான கேள்விதான். நான்கு மணிக்கு மேல் பள்ளி முடித்து வரும் பெரிய பிள்ளைகளே தெரபிஸ்ட்டின் நேரத்தை நிரப்பியிருப்பார்கள். அரசு மருத்துவமனை மையத்தில் பயிற்சி என்றால், அது நடப்பதே பகலில்தான். களைத்துப்போன ஐந்து வயதுப் பிள்ளை முக்கால் மணி நேரம் கவனம் கொடுப்பதும் கடினம். இவற்றில் எது தங்களுக்குப் பொருந்துகிறதோ அதைத் தெரபிஸ்ட்டையே இரண்டு வரியில் எழுதித் தரச் சொல்லலாம். கிழமை, மணி, எந்த மாதம் வரை, ஏன் நேரத்தை மாற்ற முடியாது, இவ்வளவும் கையொப்பத்தோடு இருந்தால் போதும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகள் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆனால் பள்ளிக்கு அளவுக்கு மீறிய சுமை ஆகக் கூடாது என்ற வரம்பும் அதிலேயே உண்டு. சி பிரிவு நிரம்பி வழிந்தால் அந்த வரம்பைத்தான் பள்ளி சுட்டிக்காட்டும். சட்டப் பிரிவை முதல் கடிதத்திலேயே எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பேச வேண்டிய இடத்தில் வழக்குப் போடுவதுபோல் ஆகிவிடும். அதைவிட, சி பிரிவிலிருந்து காலைக்கு வர விரும்பும் பெற்றோர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து, ‘அவர்களும் சம்மதிக்கிறார்கள்’ என்று ஒரு வரி சேர்த்தால் இடப் பிரச்சினையே தீரும். எழுத்தில் மறுப்பு வந்தால் அடுத்த கடிதத்தில் சட்டத்தைச் சொல்லலாம்.

கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ‘சரிம்மா, நாளையிலிருந்து மதியம் அனுப்புங்க’ என்று வகுப்பாசிரியர் வாய்மொழியாகச் சொல்வதோடு நின்றுவிட்டால், வருகைப் பதிவேட்டில் பெயர் ஏ பிரிவிலேயே கிடக்கும். பிள்ளை தினமும் சி பிரிவில் உட்கார்ந்திருக்க, ஏ பிரிவில் வராதவன் என்று பதிவாகும். எமிஸ் பதிவிலும் பிரிவு மாறிவிட்டதா என்று ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். மதிய வேளைக்குப் பள்ளி வேன் தங்கள் தெருவுக்கு வருமா என்பதைக் கடிதம் கொடுக்கும் முன்பே விசாரித்துவிடுவது நல்லது.