இதுவரை 702 பேர்

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கேட்பது இரண்டே கேள்விதான். எத்தனை பேரைச் சேர்த்தீர்கள்? என்ன தெரிகிறது? முதல் கேள்விக்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கும், ஏனென்றால் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். இரண்டாவதற்குப் பதில் சொல்ல ஆசையாக இருக்கும், ஏனென்றால் கையில் ஏதோ ஒரு சதவீதம் வந்துவிட்டது. இடைக்கால அறிக்கைகள் பெரும்பாலும் கெடுவது இந்தக் கூச்சத்தாலும் ஆசையாலும்தான்.

ஒரு மாவட்டத்தில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று கண்டறியும் ஆய்வை எடுத்துக்கொள்வோம். கணக்கு கற்பனைதான், ஆனால் நடைமுறை இப்படித்தான் இருக்கும். 60 ஊர்களும் வார்டுகளும், ஒவ்வொன்றிலும் குலுக்கல் முறையில் 40 பேர், ஆக 2,400 பேர். காலம் இரண்டு வருடம். முதல் வருட முடிவில் 30 ஊர்கள் முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 24.

அந்த 24 ஊர்களில் தேர்வானவர்கள் 960 பேர். மூன்று முறை போயும் வீடு பூட்டியிருந்தது அல்லது ஆள் கிடைக்கவில்லை என்பவர்கள் 118. வேண்டாம் என்று மறுத்தவர்கள் 74. மீதி 768 பேர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டுமே. காலை ஏழு மணிக்குப் போனால், “காபி குடிச்சிட்டேனே தம்பி, நாளைக்கு வாங்க” என்கிறார் ஒரு பெரியவர். மறுநாளும் குடித்திருப்பார். இப்படி 66 பேர் நழுவ, பரிசோதனை முடிந்தவர்கள் 702.

‘சேர்ந்தவர்கள்’ என்று அறிக்கையில் எந்த எண்ணைப் போடுவது? 960, 768, 702 மூன்றுமே பொய்யில்லை. விவரம் தெரிந்தவர் மூன்றையும் வரிசையாகப் போடுவார். எந்தப் படியில் எத்தனை பேர் உதிர்ந்தார்கள், ஏன் உதிர்ந்தார்கள் என்று எழுதுவார். கணக்கு எந்தத் தேதியோடு நிறுத்தப்பட்டது என்பதையும் மேலேயே குறிப்பார். 768ஐ மட்டும் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் 702 பேரின் முடிவைச் சொன்னால், படிக்கிற அதிகாரிக்கு அந்த 66 பேர் எங்கே போனார்கள் என்ற சந்தேகம் வரும். அதன்பிறகு நீங்கள் எழுதிய எதையும் அவர் நம்ப மாட்டார்.

அடுத்து, எப்போது முடிப்பீர்கள் என்ற கேள்வி. முதல் மூன்று மாதம் நெறிமுறைக் குழுவின் அனுமதியிலும் பணியாளர் பயிற்சியிலும் போய்விட்டது என்று வைப்போம். அப்படியானால் 24 ஊர்கள் உண்மையில் ஒன்பது மாத வேலை. அந்த வேகத்தில் மீதி 36 ஊர்களுக்குப் பதின்மூன்றரை மாதம் போதும், ஒன்றரை மாதம்தான் தாமதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாதவாரியாகப் பிரித்தால் வேறு கதை தெரியும். பக்கத்து ஊர்களை முதலில் முடித்துவிட்டார்கள். கடைசி மூன்று மாதத்தில் மாதத்துக்கு இரண்டு ஊர்தான். இந்த வேகத்தில் 18 மாதம் ஆகும், அதாவது ஆறு மாத நீட்டிப்பு. சராசரி வேகத்தை மட்டும் காட்டி ஒன்றரை மாதம் கேட்கிறவர் அடுத்த வருடம் மறுபடியும் வந்து நிற்பார். இரண்டு கணக்கையும் காட்டி, எதை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்று சொல்வதுதான் நிதி கொடுப்பவருக்குப் பயன்படும்.

இனி ஆசைக்குரிய எண். 702 பேரில் 126 பேருக்குச் சர்க்கரை நோய், 17.9 சதவீதம். ‘மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். ஒரே ஊர்க்காரர்களின் சாப்பாடும் வேலையும் ஒன்றுபோலவே இருப்பதால், 24 ஊர்களில் எடுத்த 702 பேர், மாவட்டம் முழுக்கச் சிதறி எடுத்த 702 பேருக்குச் சமமாக மாட்டார்கள். அதையும் சேர்த்துப் பார்த்தால், உண்மை விகிதம் ஏறக்குறைய 14க்கும் 22க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம்.

அதைவிட முக்கியமானது, அந்த 702 பேர் யார் என்பது. விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடும் இளவட்டங்கள் குழு போகும் நேரத்தில் வீட்டில் இல்லை. பரிசோதனை செய்தவர்களில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் 31 சதவீதம்தான். மாவட்டத்தின் வயதுவந்தோரில் அவர்கள் 45 சதவீதம் என்று கொள்வோம். இளையவர்கள் 218 பேரில் 15 பேருக்கும், மூத்தவர்கள் 484 பேரில் 111 பேருக்கும் நோய் இருக்கிறது. மாவட்டத்தின் வயது விகிதப்படி சரிசெய்தால் 17.9 என்பது 15.7 ஆக இறங்கிவிடுகிறது. யாருக்கும் நோய் குணமாகவில்லை, ஆட்களைச் சேர்த்த நேரம்தான் காரணம். அதனால் முதல் பகுதியில் சொன்ன சேர்க்கைக் கணக்கை மறந்துவிட்டு இரண்டாம் பகுதியின் சதவீதத்தைப் படிக்கவே முடியாது. இனி ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடியற்காலை ஐந்தரைக்கும் குழு போகும், அதற்கான வண்டிச் செலவு இவ்வளவு என்று எழுதுவதும் இந்த இடத்தில்தான்.

நிஜத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டுமானால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிதியில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்த ‘இண்டியாப்’ ஆய்வு இருக்கிறது. மாநிலம் மாநிலமாகப் போய், கட்டம் கட்டமாக முடிவுகளை வெளியிட்டார்கள். 2011இல் வந்த முதல் கட்டத்தில் தமிழ்நாடு 10.4 சதவீதம், ஜார்க்கண்ட் 5.3. 2017இல் 15 மாநிலங்களின் கணக்கு வந்தது: 7.3 சதவீதம். 2023இல் நாடு முழுவதற்குமானது: 11.4. அவசரமாகப் படிப்பவர் ஆறே வருடத்தில் நோய் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது என்பார். ஆனால் 2017இன் பட்டியலில் கேரளம், கோவா, புதுச்சேரி மூன்றுமே இல்லை. கடைசிக் கணக்கில் இந்த மூன்றும் 25 சதவீதத்தைத் தாண்டியவை. 7.3 அந்த 15 மாநிலங்களுக்கான எண். அதை ‘இந்தியாவில்’ என்று யாராவது சொல்லியிருந்தால், தவறு சொன்னவருடையதே தவிர எண்ணுடையது இல்லை.

இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வென்றால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. இரு பிரிவுகளையும் சேர்த்து மொத்தம் எத்தனை இறப்பு என்பதை வேண்டுமானால் நிதி கொடுப்பவருக்குச் சொல்லலாம். எந்தப் பிரிவில் எத்தனை என்பது தனிக் கண்காணிப்புக் குழுவுக்கு மட்டும்தான். பிரிட்டனில் நடந்த ‘ஏஎம்எல்12’ என்ற ரத்தப் புற்றுநோய் ஆய்வில், கீமோதெரபி நான்கு சுற்று போதுமா, ஐந்து வேண்டுமா என்று பார்த்தார்கள். தொடக்கக் கணக்குகளில் ஐந்து சுற்று பெற்றவர்களிடையே இறப்பு ஏறக்குறைய பாதியாகத் தெரிந்தது. குழு அதைப் பார்த்தும், நம்ப முடியாத அளவு பெரிய பலன் என்று சந்தேகப்பட்டு, ஆய்வைத் தொடரச் சொன்னது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கு முடிந்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது.

நம் மாவட்டக் கணக்குக்கு வருவோம். ‘இவை இறுதி முடிவுகள் அல்ல’ என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அறிக்கையிலிருந்து ஒரு வரியை வெட்டி நிதி நிறுவனத்தின் ஆண்டு மலரில் ஒட்டும்போது அட்டை கூட வராது. அதனால் எச்சரிக்கை அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்: ‘செப்டம்பர் 30 வரை, 60இல் 24 ஊர்களில் பரிசோதிக்கப்பட்ட 702 பேரில், வயது விகிதம் சரிசெய்யாத நிலையில், 17.9 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் காணப்பட்டது. இளையவர்கள் குறைவாகச் சேர்ந்திருப்பதால் இந்த எண் இறங்க வாய்ப்புண்டு.’ வாக்கியம் நீளம்தான். வெட்டுகிறவர் பாதியில் வெட்ட வேண்டுமென்றால், கொஞ்சம் சிரமப்படட்டும்.