மூத்த இயக்குநருக்கு ஒரு கடிதம்

2015ஆம் ஆண்டு சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' என்ற தமிழ்ப் படம் நம் நாட்டில் வெளிவந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்துச் சிறுவனின் கதை அது. அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதையும் பெற்றது. நம் லயத்து வீட்டுக் கதையும் படமாகும் என்று கண்டுகொண்ட பிள்ளைகள் சிலர், இன்று திரைக்கதை எழுதிப் பார்க்கிறார்கள். எழுதி முடித்ததும் அனுபவமுள்ள ஓர் இயக்குநரிடம் காட்டிக் கருத்துக் கேட்க விரும்புகிறார்கள். அதற்கான கடிதத்தை எப்படி எழுதுவது என்பதை இன்று பார்ப்போம்.

பெரும்பாலோர் எழுதும் கடிதம் இப்படி இருக்கும்: "ஐயா, நான் ஒரு திரைக்கதை எழுதியுள்ளேன். இத்துடன் அனுப்பியுள்ளேன். படித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்." இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஆயினும் இதற்குப் பதில் வருவது அரிது.

காரணத்தைப் பார்ப்போம். இரண்டு மணி நேரப் படத்தின் திரைக்கதை நூறு பக்கத்திற்கு மேல் போகும். அதைக் கவனமாகப் படித்துக் குறிப்பெழுத ஒரு முழு நாள் தேவை. முன்பின் தெரியாதவரிடம் ஒரு நாள் வேலையைக் கேட்கிறோம். மேலும், "எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்கு "நன்றாக இருக்கிறது" என்பதைத் தவிர வேறு பதில் சொல்வது கடினம். மூன்றாவதாக ஓர் அச்சமும் உண்டு. கேட்காமல் வந்த கதையை இயக்குநர் படித்துவிட்டால், பிற்காலத்தில் அவர் எடுக்கும் படத்தில் அதன் சாயல் சிறிது தெரிந்தாலும் "என் கதையைத் திருடினார்" என்ற பேச்சு எழும். ஆகவே பலர் அந்த உறையைப் பிரிப்பதே இல்லை.

எனவே முதற் கடிதத்தில் திரைக்கதையை வைக்கலாகாது. படிக்க விருப்பமா என்று கேட்பதே அக்கடிதத்தின் வேலை. கேட்பதும் சிறிதாக இருக்கவேண்டும்.

ஓர் உதாரணத்தை நாமே அமைத்துக்கொள்வோம். தோட்டத்தில் பிறந்த ஒரு பெண் 96 பக்கத் திரைக்கதை எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கடிதம் இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் தோட்டத்தில் வளர்ந்தவள். இது என் முதல் திரைக்கதை. கதை இதுதான்: தோட்டம் விற்கப்படுகிறது. வீட்டைக் காலி செய்யச் சம்மதம் கேட்டு மலாய் மொழியில் ஒரு தாள் வருகிறது. படிக்கத் தெரியாத பால்வெட்டுத் தொழிலாளி, அதைத் தன் பதினைந்து வயது மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். மகள் ஒரு வரியை மறைத்துப் படிக்கிறாள். அந்த வரியை அறியாமலேயே அவர் கையொப்பமிடப் போகிறார்.

மகள் ஏன் மறைத்தாள் என்பது 60ஆம் பக்கத்தில்தான் தெரியவருகிறது. அதற்குள் பார்ப்பவர்கள் அவளை வெறுத்துவிடுவார்களோ என்பதே என் சந்தேகம். முதல் 12 பக்கங்களை மட்டும் அனுப்பலாமா? அவற்றைப் படித்து, அவள் பக்கம் நிற்க உங்களுக்கு மனம் வருகிறதா என்று மட்டும் சொன்னால் போதும். நேரம் இல்லையென்றால் அதையும் புரிந்துகொள்வேன்."

இக்கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. கதை ஐந்தாறு வாக்கியங்களில் அடங்கிவிட்டது. யார், என்ன சிக்கல், எது பறிபோகும் என்ற மூன்றும் அதில் உள்ளன. கேட்டதோ பன்னிரண்டு பக்கமும் ஒரே கேள்வியும். அரை மணி நேரத்தில் பதில் சொல்லிவிடலாம்.

அந்த ஒரு கேள்வி எங்கிருந்து வந்தது? எழுதியவளே தன் கதையைப் படித்து, எந்த இடத்தில் தனக்கு நெருடுகிறது என்று தேடிக் கண்டது அது. கதையை உரக்கப் படிக்கச் செய்து, பக்கத்தில் இருந்து கேட்டால் இது எளிதில் விளங்கும். அம்மாவோ தம்பியோ எந்த இடத்தில் வேறு பக்கம் பார்க்கிறார்கள், எந்த இடத்தில் "யார் இவன்?" என்று கேட்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அப்படி நெருடும் இடம் ஒன்றும் அகப்படவில்லையென்றால், கடிதம் எழுதும் நேரம் இன்னும் வரவில்லை என்று பொருள்.

"கதையை வேறு யாரும் எடுத்துக்கொண்டால்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி வைத்த படைப்புக்கு உரிமை தானாகவே உண்டு. விரும்பினால் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் பதிந்தும் வைக்கலாம். இந்த வசதி 2012 முதல் இருக்கிறது. ஆனால் சட்டம் காப்பது எழுதிய எழுத்தைத்தான். வெறும் எண்ணத்தை அன்று. 'தோட்டம் விற்கப்படும் கதை' யாருக்கும் தனிச் சொத்தாகாது. ஆகவே தேதியிட்ட ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். படிக்குமுன் கையொப்பமிடுங்கள் என்று இயக்குநரிடம் ஒப்பந்தத் தாளை நீட்டினால், அவர் படிக்கமாட்டார்.

இனி, பதில் வந்துவிட்டது என்போம். இயக்குநர் எழுதுகிறார்: "தொடக்கத்திலேயே அவளுக்கு ஓர் அண்ணனை வை. மறைத்த காரணத்தை அவனிடம் அவள் சொல்லட்டும்." இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். ஒரு சாரார் அப்படியே எழுதிவிடுவார்கள். மறுசாரார் "என் கதையில் அண்ணனே கிடையாது" என்று வாதாடுவார்கள்.

இரண்டும் வேண்டாம். நோயாளி "இங்கே வலிக்கிறது" என்று சொன்னால் அதை நம்பவேண்டும். மருந்தையும் அவரே சொன்னால் அதை ஆராயவேண்டும். படிப்பவரும் அப்படித்தான். அண்ணன் என்பது அவர் சொன்ன மருந்து. அவளுடைய மனம் தமக்குத் தெரியவில்லை என்பதே அவர் உணர்ந்த வலி. மருந்து வேறாகவும் இருக்கலாம். 11ஆம் பக்கத்தில் ஒரு சிறு காட்சி வைக்கிறாள்: இரவு, எல்லாரும் உறங்கியபின், அவள் அந்தத் தாளை விளக்கருகே பிடித்து, அந்த ஒரு வரியை மட்டும் விரலால் மறைத்துப் பார்க்கிறாள். பிறகு உறங்கும் தந்தையைப் பார்க்கிறாள். காரணம் இன்னும் தெரியாது. அவள் வேதனைப்படுகிறாள் என்பது தெரிந்துவிடும். 60ஆம் பக்கத்து இரகசியமும் கெடவில்லை.

இப்படித் திருத்தியபின் இரண்டாவது கடிதம் ஒன்று எழுதவேண்டும். அதில் நன்றியும், எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினோம் என்ற இரண்டு வரியும் போதும். திருத்திய படியைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்கலாகாது. தாம் சொன்னது பயன்பட்டது என்று கண்டவர், விருப்பமிருந்தால் "மீதியையும் அனுப்பு" என்று தாமே எழுதுவார். முதற் கடிதத்திற்கு இரண்டு மாதமாகியும் பதில் வராவிட்டால், ஒருமுறை சுருக்கமாக நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், அதே கேள்வியோடு வேறொருவருக்கு எழுதவேண்டியதுதான்.