குறைந்த செலவில் அதிக முன்பதிவு காட்டும் விளம்பரம் உண்மையில் லாபமா? சிறு விடுதிகளின் ஆண்டுக் கணக்கு சொல்வது என்ன

ஸ்ரீரங்கப்பட்டணம்: தசரா கூட்டத்தை நம்பியிருக்கும் இவ்வூர் விடுதி ஒன்று, 2025 அக்டோபர் முன்பதிவுகளை 2024 அக்டோபருடன் ஒப்பிட்டால் விளம்பரம் தோற்றுவிட்டதாகவே எண்ணத் தோன்றும். ஆனால் 2024-ல் விஜயதசமி அக்டோபர் 12-ம் தேதி வந்தது; 2025-ல் அக்டோபர் 2-ம் தேதியே முடிந்துவிட்டது. விழாக் கூட்டத்தின் பெரும்பகுதி செப்டம்பர் கணக்கில் சேர்ந்துவிட்டது. எனவே மாதத்தை மாதத்துடன் ஒப்பிடாமல், தசரா வாரத்தைத் தசரா வாரத்துடன் ஒப்பிடுவதே சரியான தொடக்கம்.

அடுத்து செலவு. உதாரணமாக, 10 அறைகள் கொண்ட ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். ஓர் இரவு வாடகை 2,000 ரூபாய். துணி வெளுப்பு, மின்சாரம், சிற்றுண்டி போன்றவை போக, ஒரு முன்பதிவில் 1,200 ரூபாய் மிஞ்சுகிறது. இந்த விடுதி ஓராண்டில் மூன்று வகை விளம்பரங்களுக்குப் பணம் செலவிட்டுள்ளது.

கூகுளில் விடுதியின் பெயரையே தேடுவோருக்குக் காட்டப்பட்ட விளம்பரத்துக்கு 24,000 ரூபாய் செலவு, 160 முன்பதிவுகள். 'ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கும் விடுதி' எனப் பொதுவாகத் தேடுவோருக்கான விளம்பரத்துக்கு 48,000 ரூபாய், 80 முன்பதிவுகள். பெங்களூருவில் உள்ளவர்களுக்கு இன்ஸ்டாகிராமில் காட்டிய காணொளிக்கு 36,000 ரூபாய், 20 முன்பதிவுகள்.

இவற்றுடன் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்க்க வேண்டும். 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் உள்ளீட்டு வரிச் சலுகை இல்லாத 5 சதவீத வரி நடைமுறையில் இருப்பதால், விளம்பரத்துக்குச் செலுத்திய வரியை இத்தகைய விடுதிகள் திரும்பப் பெற இயலாது. வரியுடன் பார்த்தால், ஒரு முன்பதிவுக்கான செலவு முறையே 177, 708, 2,124 ரூபாய் ஆகிறது.

இந்தக் கணக்கின்படி முதல் விளம்பரத்தைத் தொடர வேண்டும், மூன்றாவதை நிறுத்த வேண்டும் என்றே பலரும் முடிவெடுப்பர். சிக்கல் அங்குதான் இருக்கிறது.

இபே கண்ட உண்மை

விடுதியின் பெயரைத் தட்டச்சு செய்பவர் ஏற்கெனவே அங்குத் தங்க எண்ணியவர். விளம்பரம் இல்லாவிட்டாலும், அதற்குக் கீழே இலவசமாக வரும் இணைப்பை அவர் அழுத்தியிருக்கக்கூடும். அமெரிக்காவின் இபே நிறுவனம் 2012-ல் இதைச் சோதித்தது. தன் பெயருக்கான விளம்பரங்களைச் சில தேடுதளங்களில் நிறுத்தியபோது, இழந்த வருகையில் 99.5 சதவீதம் இலவச இணைப்புகள் வழியாகவே திரும்பக் கிடைத்தது. தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டாடெலிஸ் ஆகியோரின் இந்த ஆய்வு 2015-ல் 'எகனாமெட்ரிகா' இதழில் வெளியானது.

ஆயினும் இபேயின் முடிவு சிறு விடுதிக்கு அப்படியே பொருந்தாது. விடுதியின் பெயரைத் தேடும்போது முன்பதிவுச் செயலிகளும் தங்கள் விளம்பரத்தை மேலே வைக்கின்றன. சொந்த விளம்பரத்தை நிறுத்தினால், விருந்தினர் அவற்றின் வழியாக வந்து சேர்வார்; விடுதி தரகு கொடுக்க நேரிடும். ஆகவே முதல் விளம்பரத்தை உடனே நிறுத்துவதைவிடச் சோதித்துப் பார்ப்பதே நல்லது.

எட்டு வாரச் சோதனை

பள்ளிகள் திறந்தபின் வரும் ஜூன், ஜூலை மாதங்கள் இதற்கு ஏற்றவை. பெயர் விளம்பரத்தை ஒரு வாரம் நிறுத்தி, மறுவாரம் இயக்கி, எட்டு வாரங்கள் பார்க்க வேண்டும். எண்ண வேண்டியது விளம்பர அறிக்கையை அல்ல, விடுதியின் பதிவேட்டை. தொலைபேசி, வாட்ஸ்அப், இணையம், நேரில் வந்தோர் என அனைத்தையும், தங்கிய நாளின்படி அல்லாமல் பதிவு செய்த நாளின்படி எழுத வேண்டும். இதில்தான் பலர் தவறுகின்றனர். ஜூனில் பதிவு செய்து ஆகஸ்டில் தங்குபவர் ஆகஸ்ட் கணக்கில் சேர்ந்துவிட்டால் சோதனையே பயனற்றுப்போகும்.

நிறுத்திய நான்கு வாரங்களில் மிச்சமாகும் தொகை வரியுடன் சுமார் 2,180 ரூபாய். மொத்த முன்பதிவு குறையாமல், சில மட்டும் செயலிகளுக்கு மாறுகின்றன என்றால், ஓர் அறைக்கு 300 ரூபாய் தரகு எனக் கொண்டு, ஏழு முன்பதிவுகள் மாறும்வரை நட்டமில்லை. எட்டாவதும் மாறினால் விளம்பரமே மலிவு.

எண்ணிக்கை சிறியது என்பதையும் மறக்கலாகாது. நான்கு வாரங்களில் 12 முன்பதிவுகள் வரும் இடத்தில், அது 10 ஆகக் குறைவதோ 14 ஆகக் கூடுவதோ தற்செயலாகவே நிகழக்கூடும். 12 என்பது 3 ஆகக் குறைந்தால்தான் அதைப் பொருட்படுத்த வேண்டும்.

இரண்டாவது விளம்பரம் ஒரு முன்பதிவுக்கு 492 ரூபாய் மிச்சம் தருகிறது. ஊரைத் தேடுபவர் இன்னும் விடுதியை முடிவு செய்யாதவர் என்பதால் அதைத் தொடரலாம். மூன்றாவது, அறிக்கையின்படி நட்டமே. ஆனால் காணொளியைப் பார்த்தவர் சில நாள் கழித்து விடுதியின் பெயரைத் தேடி வந்தால், அந்தப் பெருமை முதல் விளம்பரத்துக்குப் போய்விடும். பெயர் விளம்பரச் சோதனை முடிந்தபின் காணொளியை ஒரு மாதம் நிறுத்தி, பெங்களூருவிலிருந்து விடுதியின் பெயரைத் தேடுவோர் எண்ணிக்கை குறைகிறதா என்று பார்க்கலாம். குறையவில்லை என்றால், அந்த 36,000 ரூபாயை அடுத்த ஆண்டு கோவை, ஈரோடு பகுதிகளில் ஆதிரங்கம் கோயிலுக்கு வருவோரிடையே சோதிக்க ஒதுக்கலாம்.