பெரிதாக்கினாலும் மறையாத எழுத்து

பார்வை மங்கியவர்கள் பலர் இணையப்பக்கத்தை 200 விழுக்காட்டிற்குப் பெரிதாக்கிப் படிக்கின்றனர். அப்போது எழுத்து இரு மடங்காகிறது. ஆனால், திரை பெரிதாவதில்லை. எனவே, 1280 படப்புள்ளி அகலமுள்ள உலாவிச் சாளரம், 640 படப்புள்ளி அகலமே உள்ளதைப்போலச் செயல்படுகிறது. இம்மாற்றத்திற்கு ஏற்ப இசையாத பக்கத்தில் இருவகைச் சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, பக்கவாட்டு நகர்வு. ஓர் அறிவிப்புப் பக்கத்தின் அகலம் 960 படப்புள்ளி என நிலையாக வரையறுக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். இயல்பான அளவில் அது திரைக்குள் அடங்கும். 200 விழுக்காட்டிலோ 640 படப்புள்ளி மட்டுமே கண்ணுக்குத் தெரியும். எஞ்சிய 320 படப்புள்ளி, அதாவது ஒவ்வொரு வரியின் கடைசி மூன்றில் ஒரு பங்கு, திரைக்கு வெளியே போய்விடும். முப்பது வரிகளைப் படிக்க முப்பது முறை வலப்பக்கம் நகர்த்தி, மீண்டும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பும்போது அடுத்த வரி எது என்பதே குழம்பிவிடும்.

இரண்டாவது, உள்ளடக்க இழப்பு. மூன்று வரிகள் மட்டும் கொள்ளும்படி உயரம் நிலையாக வரையறுக்கப்பட்ட ஒரு பெட்டியை எண்ணிப் பார்ப்போம். அதன் அகலம் திரைக்கேற்பப் பாதியாகக் குறையும்போது, மூன்று வரிகள் ஏறத்தாழ ஆறு வரிகளாக மடிகின்றன. பெட்டியை மீறுவதை மறைக்குமாறு கட்டளை இருந்தால், கீழ் வரிகள் காணாமல் போகும். அங்கே தேர்வு நாள் குறிப்பிடப்பட்டிருந்தாலும், படிப்பவர் அதை அறியமாட்டார்.

இவற்றைத் தவிர்க்கும் முறையே மறுசீரமைவு. குடத்துக்கேற்ப நீர் வடிவம் கொள்வதுபோல, இருக்கும் அகலத்திற்கேற்ப வரிகள் மடிய வேண்டும். அதற்கு நிலையான அளவுக்குப் பதிலாக, அகலத்திற்கு மேல்வரம்பும் உயரத்திற்குக் கீழ்வரம்பும் விதிக்கப்படுகின்றன:

```
max-width: 960px;
min-height: 72px;
```

முதல் கட்டளையால், இடம் குறைந்தால் பக்கம் சுருங்கும். இரண்டாம் கட்டளையால், வரிகள் கூடினால் பெட்டி வளரும். அருகருகே உள்ள பத்திகளும் குறுகிய இடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட வேண்டும். அதன்பின் படிப்பவர் மேலும் கீழும் மட்டும் நகர்த்தினால் போதும்.

எனினும், வரைபடமும் பல நிரல்களுள்ள அட்டவணையும் இதற்கு விதிவிலக்கு. அவற்றை மடித்தால் பொருளே சிதையும். ஆதலால், அவை தமக்குரிய பகுதிக்குள் மட்டும் பக்கவாட்டில் நகருமாறு அமைக்கப்படுகின்றன.

ஒரு பக்கம் சரியாக அமைந்துள்ளதா என அறிவது எளிது. கணினியில் Ctrl விசையுடன் + விசையை அழுத்தி, 200 விழுக்காட்டிற்குப் பெரிதாக்க வேண்டும். திரையின் அடியில் கிடைமட்ட நகர்வுப்பட்டை தோன்றினால், முதல் சிக்கல் உள்ளது. ஒவ்வொரு பெட்டியின் கடைசி வாக்கியமும் முன்புபோலவே தெரியாவிட்டால், இரண்டாம் சிக்கல் உள்ளது.

2018-ஆம் ஆண்டில் வெளியான இணைய அணுகுதன்மை வழிகாட்டி, 320 படப்புள்ளி அகலத்திலும் எழுத்துகள் இவ்வாறு மடிய வேண்டும் என்கிறது. 1280 படப்புள்ளிச் சாளரத்தை 400 விழுக்காட்டிற்குப் பெரிதாக்கினால் கிடைக்கும் அகலம் அது. சிறிய கைப்பேசித் திரையின் அகலமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே, கைப்பேசியில் எதையும் மறைக்காமல் ஒழுங்காக மடியும் பக்கம், பெரிய எழுத்தை நாடுபவருக்கும் பெரும்பாலும் பயன்படும்.