இந்தத் துண்டு மீனின் எந்தப் பக்கம்?

போன ஞாயிறு காலை என் தங்கை மீன்கடையில் நின்றுகொண்டு வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினாள். தட்டில் பனிக்கட்டி, அதன் மேல் பத்து துண்டுகள், ஓரத்தில் ‘வஞ்சிரம்’ என்று எழுதிய அட்டை. “அக்கா, ஆறு துண்டு போதும். எதை எடுக்கச் சொல்லட்டும்? பாதி வறுக்க, பாதி குழம்புக்கு. குட்டிக்கு முள் குத்தாததா ஒண்ணு வேணும்.”

வஞ்சிரத்தைச் சிலர் நெய்மீன் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் அறக்குளா. பெயர் எதுவானாலும் அதைக் குறுக்கே வட்டமாக வெட்டும்போது, ஒவ்வொரு துண்டும் மீன் உடம்பில் தான் எங்கிருந்து வந்தது என்பதைத் தன் முகத்திலேயே வைத்திருக்கும். பார்க்க வேண்டிய முதல் இடம் நடுமுள். அங்கிருந்து மேலே ஒரு முள் போகிறதா, மேலும் கீழுமாக இரண்டு போகின்றனவா என்று பாருங்கள்.

மீனின் குடலும் ஈரலும் உடம்பின் முன்பாதியில், நடுமுள்ளுக்குக் கீழே ஒரு குழியில் இருக்கின்றன. அந்தப் பகுதியை வெட்டினால் குடல் எடுத்த இடம் காலியாக இருக்கும். அதன் இரு புறமும் வயிற்றுச் சதை மெலிந்து, இரண்டு கால்களைப் போலக் கீழே தொங்கும். துண்டு பார்ப்பதற்குக் குதிரை லாடம் போலிருக்கும். இங்கே நடுமுள்ளிலிருந்து மேல்நோக்கி மட்டும்தான் ஒரு முள் நிற்கும். கீழே நேராக இறங்கும் முள் கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் விலா முட்கள் வளைந்து வயிற்றுச் சதைக்குள் ஓடும். சாப்பிடும்போது வாயில் அகப்படுபவை பெரும்பாலும் இவைதான்.

மலத்துளையைத் தாண்டியதும் குழி முடிந்துவிடும். விலா முள்ளும் முடிந்துவிடும். நடுமுள்ளுக்கு அடியில் ரத்தக்குழாய் போகும் சின்னத் துளை ஒன்று தெரியும், அதன் கீழே இன்னொரு முள் நேராக இறங்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் வட்டம், சுற்றிலும் சதை மூடிய முழு முட்டை வடிவம். இதுதான் வால்பக்கத் துண்டு. வால் நெருங்க நெருங்கத் துண்டு சிறுத்துக்கொண்டே போகும். தோலின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் அரிந்துவிட்ட குட்டித் துடுப்புகளின் அடித்தடம் சிறு மேடாகத் தெரியும்.

படம் பார்ப்பவர்களைக் குழப்புவது நடுமுள்ளின் அளவு. ஒரே மீனின் அடுத்தடுத்த துண்டுகளில் ஒன்றில் நடுமுள் பெரிய வட்டமாக, நடுவில் குழிந்து, கொழகொழவென்று இருக்கும். அடுத்ததில் சிறிதாக, கெட்டியாக இருக்கும். இதைப் பார்த்து வேறு மீன் கலந்துவிட்டதோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. மீனின் முதுகெலும்புக் கண்ணி ஒவ்வொன்றும் உடுக்கை வடிவம் கொண்டது: இரு முனையும் அகலம், இடை ஒடுக்கம். கத்தி இரண்டு கண்ணிகள் சேரும் மூட்டில் இறங்கினால் அகன்ற வாய் தெரியும், இடையில் இறங்கினால் ஒடுங்கிய எலும்பு தெரியும். காசிமேட்டில் மீன் வெட்டும் அம்மா ஒருவர் கத்தியை முதலில் மெல்ல அழுத்தி மூட்டைத் தேடுவார். மூட்டு கிடைத்தால் ஒரே அழுத்தம், கிடைக்காவிட்டால் கத்தியின் முதுகில் கட்டையால் ஒரு தட்டு. அதனால் நடுமுள்ளின் அளவை வைத்து மீனையோ இடத்தையோ முடிவு செய்யாதீர்கள்.

இனி தங்கையின் தட்டுக்கு வருவோம். மேல் வலது மூலையில் இருந்த பெரிய துண்டின் இரு ஓரத்திலும் தடித்து வளைந்த எலும்பு தெரிந்தது. அது செவுளுக்கு அடுத்த தோள் எலும்பு. தலையை ஒட்டிய துண்டு அது, எடை கூடுதலாக நிற்கும், அந்த எடையில் எலும்பின் பங்கும் கணிசம். அதை வேண்டாம் என்றேன். அடுத்து நான்கு லாடங்கள். வயிற்றுச் சதையில்தான் கொழுப்பு அதிகம், குழம்பில் அது கரைந்து இறங்கும். இந்த நான்கில் மூன்றைக் குழம்புக்குச் சொன்னேன். லாடத்தை வறுத்தால் தடித்த முதுகுப்பக்கம் வேகுமுன் மெல்லிய கால்கள் கருகிவிடும்.

தட்டின் நடுவில் ஒரு துண்டு லாடமும் இல்லை, முழுதும் மூடியதும் இல்லை. நடுமுள்ளுக்குக் கீழே விரல் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு பிளவு. வயிற்றுக்குழி முடியும் இடம் அது. சதை இன்னும் சிறுக்கவில்லை, விலா முள்ளோ ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. ஒரு வஞ்சிரத்தில் இப்படி ஒன்றிரண்டு துண்டுகள்தான் தேறும். எந்தத் தட்டிலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். வறுவலுக்கு இதுவும், இதற்கு அடுத்து மூடிய வடிவில் இருந்த மூன்றில் பெரியவை இரண்டும் என்றேன். குழந்தைக்கு அந்த மூடிய துண்டு. வெந்ததும் நடுமுள்ளைப் பிடித்து இழுத்தால் மேல்முள்ளும் கீழ்முள்ளும் கூடவே வந்துவிடும். அப்படியும் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தே ஊட்ட வேண்டும்.

பத்தாவது துண்டுதான் உறுத்தியது. வஞ்சிரம் பக்கவாட்டில் அமுங்கிய மீன், அதன் துண்டு உயரம் கூடி அகலம் குறைந்து இருக்கும். இது ஏறக்குறைய உருண்டையாக இருந்தது. “அதை மட்டும் திருப்பித் தோலைப் படமெடுத்து அனுப்பு” என்றேன். வஞ்சிரத்தின் செதில் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி, தோல் வழவழப்பாக, வெள்ளி நிறத்தில், மேலிருந்து கீழாக அலையலையாய்க் கருங்கோடுகளோடு இருக்கும். வந்த படத்தில் செதில் சீவிய தடம் வலைப்பின்னலாகத் தெரிந்தது. நாங்கள் சீலா என்று சொல்லும் உருளை உடம்புக்காரன் அது. அதுவும் நல்ல மீன்தான், ஆனால் வஞ்சிர விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கடைக்காரர் “கலந்துபோச்சும்மா” என்று எடுத்து வைத்துவிட்டார். சூரை கலந்திருந்தால் இவ்வளவு பாடுகூட வேண்டாம். வஞ்சிரத்தில் கருஞ்சிவப்புச் சதை தோலை ஒட்டி இரு பக்கமும் மெல்லிய பட்டையாக நிற்கும், சூரையில் அது நடுமுள் வரைக்கும் உள்ளே போயிருக்கும்.

அந்தச் சிவப்புப் பட்டை இன்னொன்றும் சொல்லும். புதிதாக வெட்டியதில் அது சிவந்திருக்கும், நேரமாக ஆகப் பழுப்பேறும். ஆனால் சிவப்பு விளக்கின் கீழ் எடுத்த படத்தில் இதை நம்ப முடியாது, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் கேட்க வேண்டும். நாற்றத்தைப் படம் காட்டாது, அதைக் கடையில் நிற்பவர் மூக்குதான் பார்க்க வேண்டும். தோலும் முள்ளும் நீக்கிய சதுரத் துண்டுகளைப் படத்தில் பார்த்து எந்த மீன், எந்தப் பக்கம் என்று சொல்ல எனக்குத் தெரிந்த வழி இல்லை.

அளவும் படத்தில் ஏமாற்றும். பக்கத்தில் வைத்து எடுத்தால் சின்ன மீனின் துண்டும் பெரிதாகத் தெரியும். அதனால் தங்கையிடம், அடுத்த முறை துண்டுகளில் இரண்டைத் தோல் தெரியச் சாய்த்து வைக்கச் சொல்லி, தட்டின் ஓரத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தையும் வைத்து எடு என்றேன். நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். துண்டின் உயரம் அதைப்போல ஐந்து மடங்கு வந்தால், நான் தேடும் நடுத்துண்டு அந்த மீனில் நன்றாகத் தேறியிருக்கும்.