நூல் அறுந்தவர் எதைத் தேடுவார்?

தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மேல் நூல் அறுகிறது. மறுபடி கோர்த்துத் தைத்தால் நாலு அங்குலத்தில் மறுபடி அறுகிறது. துணியை நாளைக் காலை கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் கைபேசியை எடுப்பவர் யூடியூப்பில் என்ன தேடுவார்? ‘நூல் இழுவிசைச் சீரமைப்பு’ என்று தேட மாட்டார். ‘தையல் மெஷின் நூல் அறுந்து போகுது’ என்று மைக்கில் சொல்வார். இல்லையென்றால் `sewing machine thread cut problem tamil` என்று தட்டுவார்.

அவருக்குத் தேவையான வீடியோ யூடியூப்பில் இல்லாமல் இல்லை. தையல் கற்றுத்தரும் ஒருவர் அதே பழுதைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டிப் பதினோரு நிமிட வீடியோவாகப் போட்டிருப்பார். அதற்கு அவர் வைத்த தலைப்பு ‘தையல் வகுப்பு, பாகம் 17, அனைவரும் பார்க்க வேண்டிய வீடியோ’ என்று இருக்கும். நூல் என்ற சொல்லும் அதில் இல்லை, மெஷின் என்ற சொல்லும் இல்லை. பழுது வந்தவரும் அதைச் சரிசெய்யத் தெரிந்தவரும் ஒரே தளத்தில் இருந்தும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போகிறார்கள்.

யூடியூப்பின் தேடல் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த நிறுவனமே ஓரளவு வெளியில் சொல்லியிருக்கிறது. தேடிய சொற்களோடு தலைப்பு, விவரக்குறிப்பு, வீடியோவின் உள்ளடக்கம் ஆகியவை எவ்வளவு பொருந்துகின்றன என்று அது பார்க்கிறது. அதே சொற்களைத் தேடி வந்தவர்கள் அந்த வீடியோவை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையும் கணக்கில் எடுக்கிறது. பலரும் மெனக்கெட்டு நிரப்பும் டேக் பெட்டிக்கு இதில் பங்கு மிகக் குறைவு. மக்கள் அடிக்கடி எழுத்துப்பிழையோடு தேடும் சொற்களுக்குத்தான் அது உதவும் என்று யூடியூப்பின் உதவிப் பக்கமே சொல்கிறது. டேக்குக்குச் செலவிடும் நேரத்தைத் தலைப்புக்குக் கொடுப்பதே நல்லது.

தலைப்பில் பெரும்பாலான பயிற்சி வீடியோக்கள் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. கற்றுத்தருபவர் பாடத்திட்டத்தின் வரிசையை மனத்தில் வைத்துப் பெயரிடுகிறார். சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்பிடெல் பாடங்களில் பழையவை பல `Mod-01 Lec-01` என்று தொடங்குவதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். முதல் பாடத்திலிருந்து வரிசையாகப் படிக்கும் மாணவருக்கு அந்த எண் தேவை. ஒரே ஒரு சந்தேகத்தோடு தேடலில் வருபவருக்கு அதனால் பயனில்லை. கான் அகாடமி இதை வேறு விதமாகச் செய்கிறது. அதன் கணிதப் பாடம் ஒன்றின் தலைப்பு `Introduction to limits | Limits | Differential Calculus | Khan Academy` என்று போகும். குறிப்பான விஷயம் முதலில், அது அடங்கிய பகுதி அடுத்து, நிறுவனத்தின் பெயர் கடைசியில். உலகமே அறிந்த நிறுவனம் தன் பெயரைக் கடைசியில் வைக்கும்போது, புதிதாகத் தொடங்கிய சேனல் தன் பெயரையும் பாகம் எண்ணையும் முன்னால் வைக்கக் காரணம் எதுவும் இல்லை.

தேடுபவர் பயன்படுத்தும் சொல்லைக் கண்டுபிடிக்கத் தேடல் பெட்டியே போதும். உலாவியில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்தால் நாம் முன்பு பார்த்த வீடியோக்களின் சாயல் கலக்காது. அதில் ‘தையல் மெஷின் நூல்’ என்று எழுதி, எண்டர் தட்டாமல் நிறுத்த வேண்டும். கீழே விழும் பட்டியல், பிறர் தேடியவற்றிலிருந்து வருகிறது. பிறகு அதையே ஆங்கில எழுத்தில் `thaiyal machine nool` என்றும், கடைசியாக ஆங்கிலத்திலும் எழுதிப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் வரும் பட்டியல்கள் ஒன்றாக இருக்காது. தமிழில் தேடுகிறவர்கள் இந்த மூன்று வழியிலும் வருகிறார்கள் என்பதுதான் தமிழ் வீடியோக்காரர் மறக்கக் கூடாத விஷயம். ஒரு வழியில் எழுதினால் மற்ற இரண்டையும் யூடியூப் தானாகப் புரிந்துகொள்ளும் என்று நம்பி விட்டுவிட முடியாது.

இதை வைத்து அந்தப் ‘பாகம் 17’ வீடியோவுக்கு ஒரு புதுத் தலைப்பு எழுதலாம்.

```
தையல் மெஷினில் மேல் நூல் அறுந்து போகிறதா? Sewing machine thread breaking Tamil
```

தலைப்புக்கு யூடியூப் தரும் இடம் 100 குறிகள். தமிழில் அது நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகும். நம் கண்ணுக்கு ‘நூ’ ஓர் எழுத்து. கணினிக்கு அது ‘ந’ ஒன்று, அதன் மேல் ஏறிய ஊகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கும் இரண்டு. மேலே உள்ள தலைப்பின் தமிழ்ப் பகுதியில் நாம் எண்ணினால் 19 எழுத்துகள், கணினி எண்ணினால் 35. இடைவெளிகள், கேள்விக்குறி, ஆங்கிலப் பகுதி எல்லாம் சேர்ந்து 78 ஆகிறது. அளவுக்குள் இருந்தாலும், கைபேசியிலும் பரிந்துரைப் பட்டியலிலும் நீண்ட தலைப்பின் வால் மூன்று புள்ளிகளாகிவிடும். அதனால்தான் பழுதைச் சொல்லும் சொற்கள் முதலில் வந்திருக்கின்றன. ஆங்கிலப் பகுதி வெட்டுப்பட்டாலும் பார்க்கிறவருக்கு நஷ்டமில்லை. திரையில் தெரியாவிட்டாலும் அது தலைப்பில் இருக்கத்தான் செய்கிறது.

‘மேல்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருப்பதையும் கவனிக்கலாம். கீழே பாபினிலிருந்து வரும் நூல் அறுவது வேறு பழுது, அதற்குக் காரணங்களும் வேறு. அந்தச் சொல் இல்லாவிட்டால் அடிநூல் அறுந்தவரும் உள்ளே வந்து, அரை நிமிடத்தில் ஏமாந்து வெளியேறுவார். அப்படி வெளியேறுபவர்கள் கூடும்போது, இந்தத் தேடலுக்கு இந்த வீடியோ பதிலல்ல என்று யூடியூப் எடுத்துக்கொள்ள இடமுண்டு. தலைப்பு யாரை அழைக்கிறதோ அவரை மட்டும் அழைத்தால் போதும்.

விவரக்குறிப்பில் 5000 குறிகள் வரை எழுதலாம். ஆனால் வீடியோவுக்குக் கீழே முதல் ஓரிரு வரிகள் மட்டுமே தெரியும், மீதியைத் தொட்டுத்தான் விரிக்க வேண்டும். அந்த இடத்தில் ‘வணக்கம் நண்பர்களே, சப்ஸ்கிரைப் செய்யுங்கள்’ என்று எழுதுவது, இருப்பதிலேயே நல்ல இடத்தை வீணாக்குவது. வீடியோவில் என்ன இருக்கிறது என்பதை இரண்டு முழு வாக்கியங்களில் சொல்லலாம்: ‘தையல் மெஷினில் மேல் நூல் அடிக்கடி அறுந்தால் நூல் வழி, ஊசி, டென்ஷன், ஷட்டில் என்று எந்த வரிசையில் பார்ப்பது என இந்த வீடியோ காட்டுகிறது. வீட்டு உபயோகக் கால் மெஷினில் செய்து காட்டப்பட்டுள்ளது.’ அடுத்த வரியில் அதையே ஆங்கில எழுத்தில் ஒரு வாக்கியமாக எழுதினால் மூன்றாவது வகைத் தேடலுக்கும் கதவு திறந்துவிடும். சேனலைப் பற்றிய செய்தியும் மற்ற இணைப்புகளும் அதற்குப் பிறகு வரட்டும்.

சிலர் இங்கே ஐம்பது அறுபது சொற்களைக் காற்புள்ளி போட்டுக் கொட்டுகிறார்கள். ‘பிளவுஸ் கட்டிங், ஆரி வேலை, சுடிதார்’ என்று வீடியோவில் இல்லாதவையும் அதில் இருக்கும். விவரக்குறிப்பில் டேக்குகளை அடுக்குவதும் தொடர்பில்லாத சொற்களைப் போடுவதும் யூடியூப்பின் விதிகளுக்கு எதிரானவை. வீடியோ நீக்கப்படவும் கூடும். இணையப் பக்கம் எழுதக் கற்றுத்தருபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தலைப்பிலும் விவரக்குறிப்பிலும் `<` `>` என்ற கோண அடைப்புகளை யூடியூப் ஏற்பதில்லை. நிரலை அப்படியே ஒட்டினால் சேமிக்க விடாது.

இனி அத்தியாயக் குறிகள். வீடியோவின் ஓட்டப் பட்டியைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் காட்டும் இந்த வசதி 2020ஆம் ஆண்டு வந்தது. இதற்குத் தனி மென்பொருள் வேண்டாம். விவரக்குறிப்பில் நேரத்தையும் பெயரையும் வரிவரியாக எழுதினால் போதும்.

```
0:00 மேல் நூல் ஏன் அறுகிறது
0:40 நூல் கோர்த்த வழி சரியா
2:35 ஊசி திரும்பி இருந்தால்
4:50 டென்ஷன் தட்டில் தூசி, பிசிறு
7:05 ஷட்டில் முனையில் கீறல்
9:20 தைத்துச் சரிபார்த்தல்
```

முதல் வரி 0:00 என்றே தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று குறிகள் வேண்டும், அவை ஏறுவரிசையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு துண்டும் பத்து விநாடிக்குக் குறையக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் அத்தியாயங்கள் தோன்றாது, பிழை என்ற செய்தியும் வராது. அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விவரக்குறிப்பில் நேரங்கள் நீல நிறத்தில் சுட்டிகளாக மாறியிருக்கும், தொட்டால் அந்த இடத்துக்குப் போகவும் செய்யும். எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் ஓட்டப் பட்டி வெட்டில்லாமல் ஒரே கோடாக இருந்தால் அத்தியாயம் அமையவில்லை என்று பொருள். அநேகமாக முதல் குறி 0:05 என்று தொடங்கியிருக்கும்.

நாமே எழுதாவிட்டால் சில வீடியோக்களுக்கு யூடியூப் தானாக அத்தியாயம் பிரித்துவிடும். கைவேலை வீடியோவில் அதை நம்புவதைவிட நாமே எழுதுவது மேல். ஊசியைக் கழற்றும் கணம் எது, ஷட்டிலை வெளியே எடுக்கும் கணம் எது என்று செய்தவருக்குத்தான் தெரியும்.

அத்தியாயத்தின் பெயரும் தலைப்பைப் போலவே தேடுபவரின் பேச்சில் இருக்க வேண்டும். ‘அறிமுகம், படி 1, படி 2, முடிவுரை’ என்று எழுதினால் பட்டி வெட்டுப்படும், ஆனால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘ஊசி திரும்பி இருந்தால்’ என்ற பெயர் ஒரு பதிலைச் சொல்கிறது. 2021 முதல் யூடியூப் தன் தேடல் முடிவுகளிலேயே அத்தியாயங்களைப் படத்தோடு காட்டத் தொடங்கியது. கூகுள் தேடலிலும் வீடியோவுக்குக் கீழே இத்தகைய முக்கியக் கணங்கள் வருவதுண்டு. ஊசி மாற்றியதிலிருந்து நூல் அறுகிறது என்று ஏற்கெனவே சந்தேகப்படுபவர் நேராக 2:35க்குப் போய்விடுவார். அவர் முதல் இரண்டரை நிமிடத்தைப் பார்க்கவில்லையே என்று சிலர் வருந்துவார்கள். பெயரில்லாத நீண்ட கோட்டைக் கண்டு அவர் வேறு வீடியோவுக்குப் போயிருந்தால் எந்த நிமிடத்தையும் பார்த்திருக்க மாட்டார்.

தலைப்பை மாற்றினாலும் வீடியோவின் முகவரி மாறாது, ஆகவே பழைய வீடியோக்களையும் தைரியமாகத் திருத்தலாம். தலைப்பையும் முகப்புப் படத்தையும் ஒரே நாளில் மாற்றாமல் இருந்தால் எது பலன் தந்தது என்று தெரியும். சில வாரங்கள் கழித்து யூடியூப் ஸ்டுடியோவின் பகுப்பாய்வுப் பக்கத்தில், பார்வையாளர்கள் வந்த வழிகளில் யூடியூப் தேடல் என்பதைத் திறந்தால் அவர்கள் தேடிய சொற்கள் அப்படியே இருக்கும். பார்வையாளர் எங்கே நின்றார், எங்கே நழுவினார் என்ற வரைகோட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

தேடல் மூலம் வருபவர்கள் கூடி, வரைகோடு மட்டும் முதல் நிமிடத்திலேயே சரிந்தால், தலைப்பு சொல்வதும் வீடியோ தொடங்குவதும் ஒத்துப்போகவில்லை. இந்த வீடியோவில் முன்னுரையை வெட்டி, அறுந்த நூலை முதல் விநாடியிலேயே காட்டலாம். தேடிய சொற்களில் ‘அடியில் நூல் சுருண்டு கொள்கிறது’ என்பது அடிக்கடி தென்பட்டால் அந்தச் சொல்லை இதே தலைப்பில் திணிக்கக் கூடாது. அது வேறு பழுது. அதற்குத் தனி வீடியோ எடுத்து, அந்தச் சொற்களையே தலைப்பாக வைத்து, இந்த வீடியோவின் விவரக்குறிப்பில் அதன் இணைப்பைக் கொடுக்கலாம்.