திங்கட்கிழமை வரிசையில் எந்தப் பிழைக்கு முதலிடம்?

மருந்துக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்யும் குழு ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். சனி, ஞாயிறுகளில் கடைகளில் கூட்டம் அதிகம். அதனால் திங்கள் காலை நாங்கள் கணினியைத் திறக்கும்போது இருபது, இருபத்தைந்து புகார்கள் புதிதாக வந்து நிற்கும். எதையும் திருத்தத் தொடங்குவதற்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்து அவற்றைத் தரம் பிரிப்போம். இதற்கு மென்பொருள் துறையில் ‘ட்ரையாஜ்’ என்று பெயர். பிரித்தெடுத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. போர்க்கள மருத்துவத்திலிருந்து எங்களுக்கு வந்தது.

ஒவ்வொரு புகாரிடமும் மூன்று கேள்விகள் கேட்போம். பாதிப்பு எவ்வளவு? யார் பொறுப்பு? எப்போது எடுப்பது? முதல் கேள்வியும் மூன்றாவது கேள்வியும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டால் வரிசை முழுக்கக் குழம்பிவிடும்.

ஃபயர்பாக்ஸ் உலாவியைச் செய்யும் மொசில்லா இந்த இரண்டுக்கும் தனித்தனி அளவுகோல் வைத்திருக்கிறது. பாதிப்புக்கு S1 முதல் S4 வரை. தரவு அழிவது, பெருவாரியான மக்களுக்கு உலாவியே பயன்படாமல் போவது போன்றவை S1. முக்கியமான வசதி ஒன்று கெட்டு, திருப்தியான மாற்றுவழியும் இல்லாவிட்டால் S2. வழக்கமான பிழை S3, அற்பமானது S4. எப்போது எடுப்பது என்பதற்கு P என்ற வேறு வரிசை உண்டு. P1 என்றால் இந்த வெளியீட்டிலேயே திருத்த வேண்டும். P3 என்றால் காத்திருக்கலாம்.

எங்கள் வரிசையில் ஒருமுறை வந்த இரண்டு புகார்களைப் பார்த்தால் இந்த வேறுபாடு புரியும். ஐந்தாண்டு விற்பனை அறிக்கையை ஒரே மூச்சில் இறக்கினால் மென்பொருள் நின்றுபோகிறது என்றது ஒன்று. பாதிப்பு பெரிது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறைதான் யாரோ அதைக் கேட்கிறார்கள், ஒவ்வோர் ஆண்டாகப் பிரித்து இறக்கினால் வேலை நடந்துவிடும். இன்னொன்று, அச்சாகும் பில்லின் தலைப்பில் ஓர் எழுத்துப் பிழை. எதுவும் கெடவில்லை. ஆனால் கடைக்கு வரும் ஒவ்வொருவர் கையிலும் அது போகிறது, திருத்தப் பத்து நிமிடம் போதும். முதலில் எடுத்தது எழுத்துப் பிழையைத்தான். அது சரியான முடிவு.

அதே காலையில் நாற்பது கிளைகள் வைத்திருந்த ஒரு பெரிய வாடிக்கையாளர் எங்கள் மேலாளரையே போனில் அழைத்திருந்தார். புதிய பதிப்பில் அச்சுப் பொத்தான் இடம் மாறிவிட்டது, உடனே பழையபடி வேண்டும் என்றார். வரிசையின் அடியிலோ சிறிய ஊர்க் கடை ஒன்றிலிருந்து இரண்டே வரி: “ஆர்டர் லிஸ்டில் ஒரு மாத்திரை வரமாட்டேங்குது. எப்பவாவதுதான்.”

எங்களில் ஒருவர் அதைச் சோதித்துப் பார்த்தார். பட்டியல் சரியாகத்தான் வந்தது. ‘எங்களிடம் இந்தப் பிழை வரவில்லை’ என்று குறித்து மூடப் போனார். தரம் பிரிப்பதில் மிக ஆபத்தான கணம் அதுதான். வரவில்லை என்றால் பிழை இல்லை என்று அர்த்தமாகாது. புகார் கொடுத்தவர் செய்ததை நாம் இன்னும் செய்யவில்லை என்றும் இருக்கலாம். மூடாமல் கடைக்காரரை அழைத்தோம். எந்த மாத்திரை, அட்டைக்கு எத்தனை, எப்படி விற்றீர்கள், எப்போதிலிருந்து என்று கேட்டோம்.

“ரத்த அழுத்த மாத்திரை சார். பதினைஞ்சு மாத்திரை அட்டை. அஞ்சஞ்சா வெட்டிக் கொடுப்போம். போன மாசம் அப்டேட் பண்ணினதுலேர்ந்துதான்” என்றார்.

எங்கள் சோதனைத் தரவில் எல்லாமே பத்து மாத்திரை அட்டைகள். அதனால்தான் எங்களுக்குத் தெரியவில்லை. முந்தைய பதிப்பில் இருப்பை மாத்திரைக் கணக்கில் வைத்திருந்தோம். புதிய பதிப்பில் அட்டைக் கணக்குக்கு மாற்றி, இரண்டு தசம இடம் ஒதுக்கியிருந்தோம். பதினைந்தில் ஐந்து மாத்திரை என்பது மூன்றில் ஒரு பங்கு. அதை 0.33 என்று எழுதிக்கொண்டது மென்பொருள். மூன்று பேருக்கு ஐந்தைந்தாக விற்றால் 0.99 கழியும். அலமாரியில் அட்டை தீர்ந்துவிட்டது, கணினியில் 0.01 மிச்சம். இருப்பு பூஜ்யமானால்தான் மருந்து ஆர்டர் பட்டியலில் ஏறும். 0.01 பூஜ்யம் அல்ல. ஆகவே தீர்ந்துபோன மருந்து வாங்கப்படவே இல்லை. முதலில் பத்து, பிறகு ஐந்து என்று விற்றால் 0.67, 0.33 சேர்ந்து கணக்கு நேராகிவிடும். ‘எப்பவாவதுதான்’ என்று அவர் எழுதியதற்குக் காரணம் அது.

பழைய புகார்களைத் தேடினோம். இரண்டு வாரங்களுக்கு முன்பே வேறு மூன்று கடைகள் ‘ஸ்டாக் 0.01 காட்டுகிறது’ என்று எழுதியிருந்தன. வெறும் தோற்றப் பிழை என்று S4 போட்டு அடியில் தள்ளியிருந்தோம். நான்கும் ஒரே பிழை. ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதுதான் அதன் உருவம் தெரிந்தது. ஒரே மாதிரிப் புகார்களைச் சேர்க்கும் வேலையை எழுத்தர் வேலை என்று நினைப்பது தவறு. பாதிப்பின் அளவே அதில்தான் புலப்படுகிறது.

யார் பொறுப்பு என்பதில் அரைநாள் போயிற்று. ஆர்டர் பட்டியல் எழுதியவர், பூஜ்யமானால் காட்டு என்றார்கள், காட்டுகிறேன், என் பகுதி சரி என்றார். இருப்புக் கணக்கு எழுதியவர், இரண்டு தசமம் என்று முடிவாயிற்று, அப்படியே செய்தேன் என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. தவறான எண் முதலில் எங்கே பிறக்கிறதோ அந்தப் பகுதிக்காரருக்கே பிழை என்று முடிவுசெய்தோம். இருப்புக் கணக்கில் பிறந்ததால் அது அவருக்குப் போயிற்று. மொசில்லாவில் மென்பொருளின் ஒவ்வொரு பகுதிக்கும் தரம் பிரிக்கப் பொறுப்பான ஒருவரை முன்கூட்டியே நியமித்துவிடுகிறார்கள். அவரே திருத்த வேண்டியதில்லை, ஆனால் முடிவு சொல்லியாக வேண்டும். எங்களிடம் அப்படி ஒருவர் இருந்திருந்தால் அந்த அரைநாள் மிஞ்சியிருக்கும்.

அன்றே முதலிடம் கொடுத்தோம், இரண்டு தவணையாக. ஒரு மாத்திரைக்கும் குறைவான இருப்பைப் பூஜ்யமாகக் கொள்ளும்படி ஆர்டர் பட்டியலை மட்டும் மாற்றி மாலையில் அனுப்பினோம். இது கட்டுப்போடும் வேலைதான். பல அட்டைகளின் மிச்சம் சேர்ந்து ஒரு மாத்திரையைத் தாண்டினால் மறுபடி தவறும். கணக்கை மாத்திரைக்கே திருப்பி, கடைகளில் ஏற்கெனவே கெட்டிருந்த இருப்பைச் சரிசெய்யும் முழுத் திருத்தம் அடுத்த வெளியீட்டில் போயிற்று.

பெரிய குழுக்களும் இப்படித்தான் செய்கின்றன. 2019 மே 4 அன்று ஃபயர்பாக்ஸின் துணைநிரல்களைச் சரிபார்க்கும் சான்றிதழ் ஒன்று காலாவதியாகி, உலகெங்கும் துணைநிரல்கள் செயலிழந்தன. உலாவி ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் சரிபார்க்கும் என்பதால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அடி விழவில்லை. முழுத் தீர்வு தயாராகும்வரை காத்திராமல், மறுசரிபார்ப்பை நிறுத்தி வைக்கும் மாற்றத்தைப் பொறியாளர்கள் முதலில் அனுப்பினார்கள். இன்னும் அடிபடாதவர்களைக் காப்பாற்றத்தான் அது. புதிய சான்றிதழ் பிறகு போயிற்று.

பொத்தான் கேட்ட பெரிய வாடிக்கையாளருக்கு, அடுத்த வெளியீட்டில் வரும் என்று அன்றே பதில் எழுதினோம். வந்தது.

நீங்களும் எந்தச் செயலியிலாவது பிழை கண்டால் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, எப்போதிலிருந்து வருகிறது, எந்தப் பதிப்பு என்ற ஐந்தையும் எழுதுங்கள். அந்த ஊர்க் கடைக்காரரை நாங்கள் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டவையும் இவைதான்.